22-ஆம் எண் கதவு

1937-இல் ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் தன் வீட்டுச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து, தொலைபேசி நிலையத்தில் வேண்டாமென்று ஒதுக்கிய ரிலேக்களையும் தகரத் துண்டுகளையும் சேர்த்து, இரண்டு எண்களைக் கூட்டும் சிறு கருவி ஒன்றைச் செய்தார். சமையலறையில் பிறந்ததால் அதற்குப் பெயரே ‘மாடல் கே’, கிச்சனின் கே. அதைப் பார்த்து அவர் வேலை செய்த பெல் ஆய்வகம் பெரியதொரு கணக்கிடும் இயந்திரத்தைக் கட்ட இசைந்தது. 1940-இல் அது நியூயார்க்கில் ஓடத் தொடங்கியது.

அந்த வருடம் செப்டம்பர் 11 அன்று ஹானோவர் என்ற ஊரில், டார்ட்மத் கல்லூரியில், கணித அறிஞர்களின் கூட்டம். இயந்திரத்தை அங்கே காட்ட வேண்டும். பீரோ பீரோவாக நின்ற ரிலேக்களைக் கழற்றி எடுத்துப் போவது நடக்கிற காரியமா? இயந்திரம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, ஹானோவரில் ஒரு டெலிடைப்பை மட்டும் வைத்து, தந்திக் கம்பி வழியாக இரண்டையும் இணைத்தார் ஸ்டிபிட்ஸ். அறிஞர்கள் வரிசையில் நின்று எண்களைத் தட்டினார்கள்; விடை நியூயார்க்கிலிருந்து வந்து காகிதத்தில் அச்சானது. வரிசையில் நின்றவர்களில் நோர்பர்ட் வீனரும், பிற்பாடு எனியாக் கணினியைக் கட்டிய ஜான் மாக்லியும் உண்டு.

அலுவலக மேஜையில் உட்கார்ந்துகொண்டு வீட்டிலிருக்கும் கணினியைத் திறக்கும் இன்றைய வித்தைக்கு இதுதான் பாட்டன். பாட்டனுக்கு ஒரு கவலை இல்லாமல் இருந்தது: அந்தக் கம்பியின் இரு முனையிலும் அவர்களைத் தவிர வேறு யாரும் இல்லை. பூட்டு, சாவி என்ற பேச்சே எழவில்லை.

29 வருடம் தாண்டி 1969 அக்டோபர் 29-க்கு வருவோம். இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில் போன முதல் செய்தி ‘எல்’, ‘ஓ’ என்ற இரண்டு எழுத்துகள் என்பதைப் பலர் படித்திருப்பீர்கள். அது ஏன் அந்த இரண்டு எழுத்து என்பதுதான் நம் கதைக்கு வேண்டியது. லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த சார்லி கிளைன் என்ற மாணவர், ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிலையத்துக் கணினிக்குள் நுழைய `LOGIN` என்று தட்டத் தொடங்கியிருந்தார். இரண்டு எழுத்து போனதும் எதிர்முனை படுத்துவிட்டது. சுமார் ஒரு மணி நேரம் கழித்துச் சரிசெய்து மறுபடி நுழைந்தார்கள். ஆக, இணையத்தின் முதல் செய்தி வாழ்த்துமல்ல, வணக்கமுமல்ல; தூரத்துக் கணினிக்குள் நுழைய எடுத்த ஒரு முயற்சி. அதுவும் பாதியில் நின்ற முயற்சி.

இந்த நுழைவுக்கு விதிமுறை எழுதியபோது அதற்கு டெல்நெட் என்று பெயர் வைத்தார்கள். பின்னாளில் ஒவ்வொரு சேவைக்கும் ஒரு கதவு எண் கொடுத்தபோது, அதாவது நாம் போர்ட் என்று சொல்லும் எண்ணைக் கொடுத்தபோது, டெல்நெட்டுக்கு 23 வந்தது. கோப்புகளை அனுப்பும் எஃப்.டி.பி.க்கு 21. இடையில் 22 காலியாகக் கிடந்தது. அந்தக் காலி இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டெல்நெட்டில் பெயர், பாஸ்வேர்டு எல்லாம் அஞ்சலட்டையில் எழுதியதைப்போல வெட்டவெளிச்சமாகப் போகும். தபால்காரரும் படிக்கலாம், பக்கத்து வீட்டுக்காரரும் படிக்கலாம். ஆரம்பத்தில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, வலையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் ஆய்வாளர்கள்தானே. 1983-இல் வெளிவந்த பெர்க்லி யூனிக்ஸ் ஒரு படி மேலே போய், `rlogin` என்றொரு வசதியைத் தந்தது. இன்ன கணினியிலிருந்து வருகிறவர் நம்மவர் என்று `.rhosts` என்ற கோப்பில் ஒரு வரி எழுதி வைத்தால் போதும், பாஸ்வேர்டே கேட்காது. ‘மேலத்தெரு ஆள் என்றால் உள்ளே விடு’ என்பது மாதிரி. 1988 நவம்பரில் ராபர்ட் மோரிஸ் என்ற மாணவர் அவிழ்த்துவிட்ட புழு கணினி விட்டுக் கணினி தாவியபோது, அது பிடித்துக்கொண்ட கைப்பிடிகளில் இந்த நம்பிக்கையும் ஒன்று.

இதற்குள் இன்னொரு கிளைக்கதை ஓடிக்கொண்டிருந்தது. 1980-களில் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இடையே இருந்தது தொலைபேசியும் மோடமும்தான். வரிசையாக எல்லா எண்களையும் அழைத்து, எந்த எண்ணில் மோடம் கீச்சிடுகிறது என்று தேடும் விளையாட்டு பரவியிருந்தது. 1983-இல் வந்த ‘வார் கேம்ஸ்’ படத்தின் நாயகப் பையன் அதைத்தான் செய்வான். அந்த வேலைக்கே ‘வார் டயலிங்’ என்ற பெயர் படத்திலிருந்து ஒட்டிக்கொண்டது. அதற்கு மாற்றாக வியாபாரிகள் ஒரு மோடத்தை விற்றார்கள். நீங்கள் அழைத்ததும் அது எடுத்து, நீங்கள் யாரென்று கேட்டுக்கொண்டு, இணைப்பைத் துண்டித்துவிடும். பிறகு தன்னிடம் ஏற்கெனவே பதிந்திருக்கும் உங்கள் எண்ணுக்குத் தானே திருப்பி அழைக்கும். நமக்குப் புரியும்படி சொன்னால் மிஸ்டு கால். ‘நீ ஒரு ரிங் விடு, நான் கூப்பிடறேன்’ என்பதை நாம் காசு மிச்சம் பிடிக்கச் செய்தோம். அவர்கள் திருடனைத் தடுக்கச் செய்தார்கள். அதிலும் ஓட்டை இருந்தது. சில தொலைபேசி நிலையங்களில், அழைத்தவர் ரிசீவரை வைக்காவிட்டால் இணைப்பு அறுபடாது. திருடன் போனை வைக்காமல் காத்திருந்து, டயல் டோன் மாதிரி ஓர் ஒலியை எழுப்பினால், மோடம் ஏமாந்து அவனிடமே எண்ணைச் சுழற்றும். ஆனால் ‘வெளியிலிருந்து வருவதை ஏற்காதே, உள்ளிருந்து நீயே கூப்பிடு’ என்ற யோசனை மட்டும் சாகவில்லை. கடைசியில் நாமும் அதைத்தான் கையில் எடுக்கப் போகிறோம்.

1995-இல் கதை பின்லாந்துக்குப் போகிறது. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் முதுகெலும்பு வலையோடு நேராக இணைந்திருந்த ஒரு சர்வரில் யாரோ ஒட்டுக்கேட்கும் நிரலைப் பதுக்கி வைத்திருந்தார்கள். கண்டுபிடித்தபோது அதில் ஆயிரக்கணக்கான பெயர்களும் பாஸ்வேர்டுகளும் குவிந்து கிடந்தன. அங்கே ஆய்வாளராக இருந்த டாட்டு யுலொனென், பேசுவதையெல்லாம் மறையாக்கி அனுப்பும் ஒரு நிரலை எழுதினார். அதுதான் செக்யூர் ஷெல், சுருக்கமாக எஸ்.எஸ்.எச். டெல்நெட்டுக்கும் மாற்று, எஃப்.டி.பி.க்கும் மாற்று என்று நினைத்தவருக்கு 23-க்கும் 21-க்கும் நடுவே இருந்த காலி வீடு கண்ணில் பட்டது. 1995 ஜூலை 10 அன்று, எண்களைப் பங்கிடும் அமைப்புக்கு ஒரு மின்னஞ்சல் போட்டார். மறுநாளே ஜாய்ஸ் ரெனால்ட்ஸிடமிருந்து பதில்: 22 உங்களுக்கு. நம் ஊரில் ஒரு ரேஷன் அட்டையில் முகவரி மாற்றும் நேரத்தை நினைத்துப் பார்க்கிறேன். உலகமே பயன்படுத்தப்போகும் கதவு எண் ஒரே நாளில் கிடைத்திருக்கிறது.

அவர் கையிலெடுத்த கணிதத்துக்கு இருபது வயது ஆகியிருந்தது. இதுவரை சந்தித்தே இராத இருவர், எல்லோர் காதிலும் விழும்படி பேசியே தங்களுக்குள் ஒரு ரகசியத்தை உண்டாக்கிக்கொள்ளலாம் என்று டிஃபியும் ஹெல்மனும் 1976-இல் காட்டினார்கள். பிரிட்டிஷ் உளவு அமைப்பில் மால்கம் வில்லியம்சன் அதையே 1974-இல் கண்டிருந்தார். 1997 வரை வாய் திறக்க அவருக்கு அனுமதியில்லை. அதன் உறவுக்கார யோசனைதான் சாவி ஜோடி. ஒன்று தனிச்சாவி, நம்மிடமே இருப்பது. இன்னொன்று பொதுச்சாவி, பெயருக்குச் சாவியே தவிர அதைப் பூட்டு என்று நினைத்தால் குழப்பம் வராது. பூட்டை ஊரெல்லாம் கொடுக்கலாம், பார்த்தவர் யாரும் அதிலிருந்து சாவியைச் செய்ய முடியாது.

எஸ்.எஸ்.எச். இலவசமாக வந்தது, அதே ஆண்டின் முடிவுக்குள் 50 நாடுகளில் 20,000 பேர் அதைப் பயன்படுத்தினார்கள். டிசம்பரில் யுலொனென் நிறுவனம் தொடங்கினார், உரிம விதிகள் ஒவ்வொரு பதிப்பிலும் இறுகின. 1999-இல் ஸ்வீடனைச் சேர்ந்த பியோர்ன் குரோன்வால், தளர்ந்த உரிமத்தோடு வந்த பழைய பதிப்பான 1.2.12-ஐத் தேடி எடுத்துத் தூசு தட்டினார். அவரிடமிருந்து ஓபன்பி.எஸ்.டி. குழு அதை எடுத்துச் சீர்படுத்தி, அந்த வருடமே தங்கள் இயங்குதளத்தோடு சேர்த்து வெளியிட்டது. அவர்கள் இருந்தது கனடாவில். மறையாக்க நிரல்களை ஆயுதம்போல ஏற்றுமதிக் கட்டுப்பாட்டில் வைத்திருந்த அமெரிக்கச் சட்டம் அங்கே கை நீட்ட முடியவில்லை. இந்த நகலின் நகல்தான் ஓபன்எஸ்.எஸ்.எச். இன்று லினக்ஸ், மேக் எல்லாவற்றிலும் அது. 2018 முதல் விண்டோஸ் 10-லும் அதே. உங்கள் அலுவலக மேஜையில் இருக்கும் விண்டோஸ் கணினியில் கறுப்புத் திரையைத் திறந்து `ssh` என்று தட்டிப் பாருங்கள். பெரும்பாலும் எதையும் நிறுவத் தேவையிருக்காது.

திரையையே தூரத்திலிருந்து பார்க்கும் வசதி வேறு குடும்பத்தில் பிறந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1991-இல், காபிக் குடுவை காலியா நிறைந்திருக்கிறதா என்று மாடி ஏறிப் பார்க்கச் சலித்துப்போனவர்கள் அதன் முன்னே ஒரு கேமராவை வைத்தார்கள். அந்தப் படத்தைத் திரையில் காட்டும் நிரலை எழுதிய குவென்டின் ஸ்டாஃபோர்ட்-ஃப்ரேசர், பின்னர் அதே ஊரின் ஒலிவெட்டி ஆய்வகத்தில் வி.என்.சி.யை உருவாக்கிய குழுவிலும் இருந்தார். தூரத்துக் காபியைப் பார்த்தவர் தூரத்துத் திரையையும் பார்க்க வைத்தார். வி.என்.சி.யின் பழைய பாஸ்வேர்டு முறை முதல் எட்டு எழுத்துக்கு மேல் கண்டுகொள்ளாது. மைக்ரோசாஃப்ட்டின் ஆர்.டி.பி. வேறு வகையில் அடி வாங்கியது. 2019 மே மாதம் வெளியான ‘புளூகீப்’ ஓட்டை வழியாக, பாஸ்வேர்டே இல்லாமல் பழைய விண்டோஸுக்குள் நுழைய முடிந்தது; ஆதரவு முடிந்து ஐந்து வருடமாகியிருந்த எக்ஸ்பிக்குக்கூட அந்நிறுவனம் திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று. எனவே திரை வேண்டுமானால் அது 22-ஆம் கதவுக்கு உள்ளே, அதன் சுரங்கம் வழியாகத்தான் போகவேண்டும். 3389 என்ற ஆர்.டி.பி. போர்ட்டைத் தெருவைப் பார்த்துத் திறந்து வைப்பது வம்பை விலைக்கு வாங்குவது.

என் கதைக்கு வருகிறேன். வீட்டில் உபுண்டு போட்ட பழைய டெஸ்க்டாப், அலுவலகத்தில் விண்டோஸ்; அலுவலகத்திலிருந்தே வீட்டுக் கணினியைத் திறக்க வேண்டும். முதல் வேலை, அலுவலகத்தில் கணினிப் பிரிவில் கேட்டேன். இது சம்பிரதாயமல்ல. நீங்கள் போடும் சுரங்கம் அவர்கள் காவலைத் தாண்டிப் போகிறது, தெரியாமல் செய்தால் வேலைக்கே உலை வைக்கும். “வெளியே போறது மட்டும்தானே சார்? வீட்லேருந்து இங்க உள்ள வர்ற மாதிரி எதுவும் போட்றாதீங்க” என்றார் அங்கிருந்த தம்பி. சரியான எல்லைக்கோடு அதுதான்.

அலுவலகக் கணினியில் சாவி ஜோடியைச் செய்தேன்:

```
ssh-keygen -t ed25519
```

அந்த 25519, கணக்கில் வரும் 2-இன் 255-ஆம் அடுக்கிலிருந்து 19-ஐக் கழித்த பகா எண்ணின் சுருக்கம். சாவிக்குப் பாஸ்ஃபிரேஸ் கேட்கும். வெறுமனே என்டர் தட்டிவிடாதீர்கள். அலுவலகக் கணினி உங்களுடையதல்ல, நிர்வாகி நினைத்தால் கோப்பைப் பார்க்கலாம். `id_ed25519.pub` என்ற பூட்டை மட்டும் எனக்கே மின்னஞ்சலில் அனுப்பினேன். அது யார் கண்ணில் பட்டாலும் பரவாயில்லை.

வீட்டில் `openssh-server` பொதியை நிறுவி, அந்தப் பூட்டின் ஒரு வரியை `~/.ssh/authorized_keys` கோப்பில் ஒட்டினேன். பிறகு பாஸ்வேர்டு வழியை அடைக்க `/etc/ssh/sshd_config.d/10-veedu.conf` என்றொரு கோப்பு:

```
PasswordAuthentication no
KbdInteractiveAuthentication no
PermitRootLogin no
```

பெயர் ஏன் 10-இல் தொடங்குகிறது? ஒரே விஷயம் இரண்டு இடத்தில் எழுதியிருந்தால் எஸ்.எஸ்.எச். முதலில் படித்ததைத்தான் எடுத்துக்கொள்ளும். அந்த அடைவில் 50 என்ற எண்ணோடு வேறு ஒரு கோப்பு ஏற்கெனவே ‘yes’ என்று சொல்லிக்கொண்டிருந்தால், கடைசியில் நாம் எழுதியது செல்லாது, அடைத்துவிட்டோம் என்று நாம் நிம்மதியாக இருப்போம். உண்மையில் எது நடப்பில் இருக்கிறது என்று `sudo sshd -T | grep -i passwordauth` சொல்லிவிடும். சேவையை மறுபடி தொடங்கிய பிறகு, பழைய இணைப்பை மூடாமல் வைத்துக்கொண்டு, புதிதாக இன்னொன்றைத் திறந்து சாவி வேலை செய்கிறதா என்று பார்த்தேன். மூடிவிட்டுப் பார்த்தால், சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திய கதை.

முன்பிருந்த வீட்டில் இத்தோடு முடிந்துபோயிருந்தது. ரூட்டரில் ஒரு போர்ட்டைத் திறந்துவிட்டேன், அவ்வளவுதான். ஒரு வாரம் கழித்து `journalctl -u ssh` போட்டுப் பார்த்தால், பக்கம் பக்கமாக `invalid user admin`, `invalid user test` என்று வரிகள். யாரும் என்னைத் தேடி வரவில்லை. வார் டயலிங்கின் பேரன்கள் உலகிலுள்ள எல்லா வாசலையும் தட்டிக்கொண்டு போகிறார்கள். சாவி இல்லாததால் எவரும் உள்ளே வரவில்லை. ஆனாலும் நடுராத்திரியில் யாரோ கதவைப் பிராண்டும் சத்தம் கேட்டால் தூக்கம் வருமா?

பிராண்டலைவிடப் பெரிய சம்பவம் ஒன்று 2024 மார்ச்சில் நடந்தது. ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், எஸ்.எஸ்.எச். நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்தார். வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். அவர் தோண்டினார். `xz` என்ற சிறு சுருக்கு நிரலில், ஜியா டான் என்ற பெயரில் இரண்டு வருடத்துக்கு மேலாக நல்ல பிள்ளையாக உதவி செய்துவந்த ஒருவர், 22-ஆம் கதவுக்கே கள்ளச்சாவி பொருத்தியிருந்தார். பரவலாகப் போகும் முன்னே பிடிபட்டது. அதைப் படித்த அன்று ரூட்டரில் நான் திறந்திருந்த போர்ட்டை மூடினேன்.

வீடு மாறியபோது, மறுபடி போர்ட்டைத் திறக்கலாமா என்ற யோசனையை விதியே முடித்துவைத்தது. புதிய இணைப்பில் எவ்வளவு திறந்தாலும் வெளியிலிருந்து எட்டவில்லை. ரூட்டரின் பக்கத்தில் வெளிமுகவரி என்று போட்டிருந்த எண் 100.72 என்று தொடங்கியது. 100.64-இலிருந்து 100.127 வரையிலான முகவரிகள் 2012-இல் சேவை நிறுவனங்களின் உள்உபயோகத்துக்கென்று ஒதுக்கப்பட்டவை. அதாவது நானும் முகம் தெரியாத பல அண்டை வீட்டாரும் ஒரே வெளிமுகவரிக்குப் பின்னால் இருக்கிறோம். அபார்ட்மென்ட்டுக்கு ஒரே வாசல், வாட்ச்மேனுக்கு யார் வீடு எதுவென்று வெளியார்க்குச் சொல்லத் தெரியாது. முகவரிகள் தீர்ந்துபோகும் என்ற பயத்தில் 1994-இல் முன்வைத்த முகவரி மாற்றும் ஏற்பாட்டை, எழுதியவர்களே தற்காலிகத் தீர்வு என்றுதான் சொன்னார்கள். முப்பது வருடமாகத் தற்காலிகம். நம் ஊர் தற்காலிகப் பேருந்து நிலையங்களுக்கு அண்ணன். உதவி எண்ணில் கேட்டதற்கு, “தனி ஐ.பி. வேணும்னா மாசாமாசம் எக்ஸ்ட்ரா வரும் சார்” என்றார்கள்.

இங்கேதான் மிஸ்டு கால் மோடம் திரும்பி வருகிறது. வெளியிலிருந்து வீட்டுக்குள் வர முடியாது, ஆனால் வீட்டிலிருந்து வெளியே போகத் தடையில்லை. இணையத்தில் நிலையான முகவரியோடு ஒரு சின்ன சர்வரை வாடகைக்கு எடுத்தேன். வீட்டுக் கணினி தானாகவே அதைக் கூப்பிட்டு, இணைப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும்:

```
ssh -N -o ExitOnForwardFailure=yes \
 -o ServerAliveInterval=30 \
 -R 2222:127.0.0.1:22 veedu@relay.example
```

இதன் பொருள், அந்த இடைச்சர்வரின் 2222-ஆம் போர்ட்டில் யார் தட்டினாலும் அது என் வீட்டின் 22-இல் வந்து தட்டும். பயப்பட வேண்டாம், இயல்பாக அந்த 2222 இடைச்சர்வருக்கு உள்ளேயிருந்து மட்டுமே தெரியும், தெருவுக்குத் தெரியாது. அலுவலகத்திலிருந்து வரும் நான் முதலில் அங்கே இறங்கி, அங்கிருந்து மாறிப்போகிறேன்:

```
ssh -J aapees@relay.example -p 2222 kumaran@localhost
```

ஜங்ஷனில் வண்டி மாறுவதைப் போலத் தோன்றினாலும் ஒரு வித்தியாசம். மறையாக்கம் அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் இடையே நேரடியாக நடக்கிறது; நடுவிலுள்ள சர்வர் பொட்டலத்தைக் கைமாற்றுமே தவிரப் பிரித்துப் பார்க்க முடியாது. அது ஒருவேளை கெட்டவர் கையில் சிக்கினாலும், தன்னையே என் வீடு என்று காட்டிக்கொண்டு ஏமாற்றத்தான் பார்க்கலாம். அதற்கும் முன்னேற்பாடு உண்டு. முதல் முறை இணையும்போது, இந்தக் கணினியை எனக்குத் தெரியாது, இதன் கைரேகை இன்னது, தொடரட்டுமா என்று கேட்கும். எல்லோரும் `yes` தட்டுகிற இடம் இது. நான் முந்தைய நாள் இரவே வீட்டில் `ssh-keygen -lf /etc/ssh/ssh_host_ed25519_key.pub` போட்டு, வந்த கைரேகையை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்திருந்தேன். எழுத்து எழுத்தாக ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் தட்டினேன்.

இடைச்சர்வரைக் கூப்பிட வீட்டுக் கணினிக்கும் ஒரு சாவி வேண்டும். அதற்குப் பாஸ்ஃபிரேஸ் வைக்க முடியாது, ராத்திரி கரண்ட் போய் வந்தால் யார் எழுந்து தட்டுவது? ஆகவே அந்தச் சாவியின் அதிகாரத்தைக் குறைத்தேன். இடைச்சர்வரில் அதன் பூட்டு வரிக்கு முன்னால் `restrict,port-forwarding,permitlisten="localhost:2222",command="/bin/false"` என்று சேர்த்தேன். இப்போது அந்தச் சாவி திருடுபோனாலும் அங்கே ஒரு கட்டளைகூட ஓட்ட முடியாது.

எல்லாம் ஓடியது, மூன்றாம் நாள் படுத்தது. வீட்டில் மின்சாரம் இரண்டு நிமிடம் போய் வந்திருந்தது. கணினி தானே எழுந்துவிட்டது. பயாஸில் மின்சாரம் திரும்பினால் எழுந்திரு என்ற அமைப்பை வைத்திருந்தேன், தூங்கும் வசதியையும் நிறுத்தியிருந்தேன். கூப்பிடும் கட்டளையை சிஸ்டம்டி சேவையாக்கி, `Restart=always`, `RestartSec=10` என்று எழுதியிருந்ததால் அதுவும் முயன்றுகொண்டிருந்தது. பதிவில் கிடைத்த வரி:

```
Error: remote port forwarding failed for listen port 2222
```

நடந்தது இதுதான். வீட்டில் மின்சாரம் போனது இடைச்சர்வருக்குத் தெரியாது. செத்துப்போன பழைய இணைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று நம்பி, 2222-ஐ அதன் பெயரிலேயே வைத்திருந்தது. காலியான இருக்கையில் துண்டு கிடக்கிறது. `ExitOnForwardFailure` இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் மோசம். புதிய இணைப்பு போர்ட் கிடைக்காமலே தொங்கிக்கொண்டிருக்கும், சேவை பச்சை விளக்கைக் காட்டும், நாம் எங்கே தவறென்று தேடிக்கொண்டிருப்போம். மருந்து இடைச்சர்வரின் பக்கம் இருந்தது. அதன் `sshd_config` கோப்பில் `ClientAliveInterval 30`, `ClientAliveCountMax 3` என்று எழுதினேன். மூன்று முறை விசாரித்துப் பதில் வராவிட்டால் ஒன்றரை நிமிடத்தில் துண்டை எடுத்துவிடும். அடுத்த மின்தடைக்கு இரண்டு நிமிடத்துக்குள் வழி தானாகத் திறந்துகொண்டது.

திரை தேவைப்படும் நாள்களில் அதே அலுவலகக் கட்டளையில் `-L 13389:127.0.0.1:3389` என்று சேர்த்துக்கொள்கிறேன். உபுண்டுவின் திரைப்பகிர்வும் ஆர்.டி.பி. மொழியே பேசும். அலுவலக விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப்பில் `localhost:13389` என்று கொடுத்தால் வீட்டுத் திரை விரிகிறது. விண்டோஸ் தன் 3389-ஐத் தானே வைத்திருக்கக்கூடும் என்பதால்தான் முன்னால் ஒரு 1. வீட்டிலும் விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு செய்தி: ஹோம் பதிப்பு ஆர்.டி.பி. வழியாகத் தன் திரையைக் காட்டாது, ப்ரோ பதிப்பு வேண்டும்.

எல்லாம் சரியான பிறகு ஒரு நாள் மாலை வீட்டுக்குப் போய்ப் பதிவைத் திறந்தேன். `invalid user` வரிகள் ஒன்றுகூட இல்லை. பகலில் நான் அலுவலகத்திலிருந்து நுழைந்ததற்கான ஒரே ஒரு வரி:

```
Accepted publickey for kumaran from 127.0.0.1
```

127.0.0.1 என்பது ஒரு கணினி தன்னையே குறிக்கும் முகவரி. சுரங்கத்தின் வீட்டு முனை அந்தக் கணினிக்குள்ளேயே இருப்பதால், எங்கிருந்து வந்தாலும் அதற்கு அப்படித்தான் தெரியும். யார் எந்த ஊரிலிருந்து வந்தார் என்பதை இடைச்சர்வரின் பதிவில்தான் பார்க்கவேண்டும், வீட்டிலிருப்பது சொல்லாது. பேருந்தில் ஒன்றரை மணி நேரத் தூரத்தில் உட்கார்ந்திருந்த என்னை, நான் நாள் முழுக்க வீட்டில்தான் இருந்தேன் என்று அது எழுதி வைத்திருந்தது.